கடையை மூடும் நாளின் கணக்கு

கடைக்கு இடம் பார்க்கும்போது எல்லோரும் திறக்கும் நாளைத்தான் நினைக்கிறோம். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, பார்க்கிங் உண்டா, போர்டு எங்கே வைக்கலாம் என்று பேசி முடித்துவிடுகிறோம். ஒப்பந்தம் கையெழுத்துக்கு வரும்போது பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். முதல் பக்கத்தில் வாடகைத் தொகை சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். அந்தக் கடை ஓடாமல் போனால் என்ன ஆகும் என்பது ஏழாவது, எட்டாவது பக்கத்தில் எழுதியிருக்கும். அந்தப் பக்கங்களை வாடகைக்கு எடுப்பவரின் பக்கத்திலிருந்து எப்படிப் படிக்கவேண்டும் என்பதே இந்தக் கட்டுரை.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சென்னை ஆற்காடு சாலையில் 600 சதுர அடியில் ஒருவர் பேக்கரி வைக்கப்போகிறார். மாத வாடகை 60,000 ரூபாய். அட்வான்ஸ் பத்து மாத வாடகை, அதாவது 6 லட்சம். ஓவன், கண்ணாடி கவுண்டர், ஃபால்ஸ் சீலிங், மும்முனை மின் இணைப்பு என்று உள்ளே அவர் போடும் முதல் 15 லட்சம். ஒப்பந்தக் காலம் ஒன்பது வருடம். உரிமையாளர் தரப்பு தயாரித்த வரைவில் மூன்று வரிகள் இருக்கின்றன. வாடகை வருடத்துக்கு 5 சதவீதம் உயரும். முதல் 36 மாதம் லாக்-இன், அதற்குள் வாடகைதாரர் காலி செய்யக்கூடாது. மீறிக் காலி செய்தால் மீதி லாக்-இன் காலத்தின் மொத்த வாடகையையும் கொடுக்கவேண்டும், அட்வான்ஸும் திரும்பாது.

தனித்தனியாகப் படித்தால் மூன்றும் சாதாரணமாகத் தெரியும். ஊரில் எல்லோரும் போடுகிற கண்டிஷன்தான் சார் என்று புரோக்கரும் சொல்வார். ஆனால் இந்த மூன்று வரிகளும் ஒன்றோடொன்று கோத்தவை. அவற்றைச் சேர்த்துப் படிக்க ஒரே ஒரு கேள்வி போதும்: பதினான்காவது மாதத்தின் கடைசியில் கடையை மூடினால் நான் எவ்வளவு கொடுத்துவிட்டு வெளியே போகவேண்டும்?

பதில் இது. மீதி இருப்பது 22 மாதம். அதில் இரண்டாம் வருடத்துப் பத்து மாதத்துக்கு வாடகை 63,000 வீதம் 6,30,000. மூன்றாம் வருடத்தில் வாடகை 66,150 ஆகியிருக்கும். பன்னிரண்டு மாதத்துக்கு 7,93,800. இரண்டும் சேர்ந்து 14,23,800 ரூபாய். இதற்கு மேல் போன அட்வான்ஸ் 6 லட்சம். ஆக 20 லட்சத்து 23 ஆயிரத்து 800. பேக்கரி வைக்க அவர் போட்ட முதலைவிட மூடுவதற்கான செலவு 5 லட்சம் அதிகம். நஷ்டத்தில் மூடுகிற ஒருவரிடம் இவ்வளவு பணம் எங்கிருந்து வரும்? அதனால்தான் பலர் மூடவேண்டிய கடையை மூடாமல், கடன் வாங்கி வாடகை கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

இனி ஒவ்வொரு வரியாகப் போவோம். முதலில் வாடகை உயர்வு. வருடம் 5 சதவீதம் என்பதும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் என்பதும் ஒன்றுதான் என்று பேச்சுவாக்கில் தோன்றும். கணக்கு அப்படி இல்லை. வருடத்துக்கு 5 சதவீதம், அதுவும் கடைசியாகக் கொடுத்த வாடகையின் மேல் என்றால், ஒன்பதாம் வருடம் மாத வாடகை 88,647 ரூபாய். மூன்று வருடத்துக்கு 15 சதவீதம் என்றால் முதல் மூன்று வருடம் 60,000, அடுத்த மூன்று வருடம் 69,000, கடைசி மூன்று வருடம் 79,350. ஒன்பது வருடத்தில் கொடுக்கும் மொத்த வாடகையில் வித்தியாசம் சுமார் 4 லட்சத்து 38 ஆயிரம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதைவிட முக்கியம், வியாபாரம் பிடிக்கும் முதல் மூன்று வருடத்தில் வாடகை அசையாமல் நிற்கிறது என்பது. அந்த மூன்று வருடத்தில் மட்டும் 1,09,800 ரூபாய் கையில் நிற்கும்.

அடுத்து, சதவீதம் எதன் மேல் என்று பார்க்கவேண்டும். “ஆரம்ப வாடகையின் மேல் 5 சதவீதம்” என்று எழுதினால் ஒவ்வொரு வருடமும் 3,000 மட்டுமே கூடும். ஒன்பதாம் வருடம் 84,000 வரும். “நடப்பு வாடகையின் மேல்” என்றால் முன்னே சொன்ன 88,647. வெறுமனே “வருடத்துக்கு 5 சதவீதம் உயர்த்தப்படும்” என்று விட்டுவிட்டால் பின்னாளில் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். இதற்கு நல்ல தீர்வு, சதவீதத்தோடு நிற்காமல் ஒவ்வொரு வருடத்துக்கும் வாடகை எத்தனை ரூபாய் என்று ஒரு அட்டவணையாகவே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவது. நேர்மையான உரிமையாளர் யாரும் அதை மறுப்பதில்லை.

உயர்வு எந்தத் தேதியிலிருந்து என்பதையும் கவனியுங்கள். உள்வேலை செய்ய இரண்டு மாதம் வாடகை வேண்டாம் என்று உரிமையாளர் விட்டுக்கொடுத்திருப்பார். ஆனால் உயர்வு கையெழுத்திட்ட தேதியிலிருந்து ஒரு வருடம் என்று எழுதியிருந்தால், பத்து மாத வாடகை கட்டியதுமே முதல் உயர்வு வந்துவிடும். “முதல் வாடகை தொடங்கும் தேதியிலிருந்து” என்று மாற்றவேண்டும். இன்னொரு சொற்றொடரைக் கண்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்: “5 சதவீதம் அல்லது அன்றைய சந்தை நிலவரம், இவற்றில் எது அதிகமோ அது.” இதில் உயர்வுக்கு உச்ச வரம்பே கிடையாது. சந்தை நிலவரத்தை யார் சொல்வது என்பதும் இருக்காது. தமிழ்நாட்டில் நகர்ப்புறக் கட்டடங்களுக்கு 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நியாய வாடகை நிர்ணயம் கேட்டு வழக்குப் போட முடிந்தது. அந்தச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டின் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தல் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன்படி வாடகையும் அதன் உயர்வும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே. அதனால் எழுதும்போதுதான் பேரம் பேசமுடியும். உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் வணிக வாடகைக்கு 18 சதவீத வரியும் தனியாக வரும். 60,000 என்பது வரியோடா வரி இல்லாமலா என்று அதே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

லாக்-இன் என்பதன் பொருள் என்ன? உரிமையாளர் தரப்பில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. இடத்தை உங்களுக்காக ஒதுக்கி, புரோக்கருக்குக் கமிஷன் கொடுத்து, இரண்டு மாத வாடகையையும் விட்டிருக்கிறார். ஆறே மாதத்தில் நீங்கள் போய்விட்டால் அவருக்கு நஷ்டம். அந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்பது சரிதான். ஆனால் 22 மாத வாடகை அந்த நஷ்டத்துக்கு ஈடாகுமா? ஆற்காடு சாலையில் ஒரு கடை 22 மாதம் காலியாகக் கிடப்பது அபூர்வம். மூன்று நான்கு மாதத்தில் வேறொருவர் வந்துவிட்டால் உரிமையாளர் ஒரே கடைக்கு இரண்டு வாடகை வாங்குவார்.

சட்டமும் இதைக் கவனிக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 74வது பிரிவின்படி, ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு தரவேண்டும் என்று ஒரு தொகை எழுதியிருந்தாலும், நீதிமன்றம் அந்தத் தொகைக்குள் நியாயமான இழப்பீட்டைத்தான் தரும். 73வது பிரிவின் விளக்கமோ, நஷ்டத்தைக் குறைக்கப் பாதிக்கப்பட்டவரிடம் என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. டவர் விஷன் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல், மீதி லாக்-இன் காலத்தின் வாடகை என்பது தானாகவே கடன் தொகை ஆகிவிடாது, இழப்பு எவ்வளவு என்பது தீர்மானிக்கப்படவேண்டிய விஷயம் என்ற நிலையை எடுத்தது. இதெல்லாம் வாடகைதாரருக்கு ஆறுதல்தான். ஆனால் இதை நம்பிக் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம், உங்கள் 6 லட்சம் அட்வான்ஸ் உரிமையாளர் கையில் இருக்கிறது. வழக்குப் போடவேண்டியவர் நீங்கள். கடையை மூடிய ஒருவர் வக்கீல் ஃபீஸ் கட்டி வருடக்கணக்கில் நடப்பாரா? தொகையை ஒப்பந்தத்திலேயே குறைப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. லாக்-இன் யாரைக் கட்டுகிறது என்று பாருங்கள். பல வரைவுகளில் அது வாடகைதாரரை மட்டுமே கட்டும். இரண்டு பத்தி தள்ளி, “உரிமையாளர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்” என்று இருக்கும். 15 லட்சம் போட்டு ஓவன் வைத்தவர் 36 மாதம் நகரக்கூடாது. உரிமையாளர் நினைத்தால் நான்காவது மாதமே எழுப்பலாம் என்று பொருள். வாடகைதாரருக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது. நீங்கள் போட்ட முதலை எடுக்கும் காலம் முழுவதும், முடிந்தால் ஒன்பது வருடமும், வாடகை ஒழுங்காகக் கட்டும்வரை உரிமையாளர் உங்களை எழுப்பக்கூடாது. உங்களுக்கான கட்டு மட்டும் குறுகியதாக இருக்கவேண்டும். பேச்சுவார்த்தையில் ஒன்றை மட்டுமே கேட்டு வாங்க முடியும் என்றால் இதைக் கேளுங்கள்.

இந்தக் கட்டு நிற்கவேண்டுமானால் பத்திரம் பதிவாகவேண்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை, பதிவுச் சட்டம் 1908இன் 17வது பிரிவுப்படியும் சொத்து மாற்றுச் சட்டம் 1882இன் 107வது பிரிவுப்படியும் கட்டாயம் சார்பதிவாளரிடம் பதியப்படவேண்டும். முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க, 11 மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம் எழுதி அதற்குள்ளேயே “லாக்-இன் மூன்று வருடம்” என்று போடுகிற வழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. மூன்று வருடத்துக்கே எழுதி, பதியாமல் பீரோவில் வைப்பதும் உண்டு. பதியாத நீண்ட குத்தகையை நீதிமன்றங்கள் மாதவாடகையாகவே பார்க்கின்றன. சொத்து மாற்றுச் சட்டத்தின் 106வது பிரிவுப்படி அது 15 நாள் நோட்டீஸில் முடிக்கக்கூடியது. லாக்-இன் உங்களையும் கட்டாது என்று வாதாடலாம்தான். ஆனால் ஒன்பது வருடம் என்ற உங்கள் உரிமையும் அதோடு போய்விடும். 15 லட்சம் உள்ளே கிடக்கும்போது யாருக்கு இழப்பு அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. இதுபோக, நகர்ப்புற வாடகை ஒப்பந்தங்களை எழுத்தில் செய்து வாடகை அதிகார அமைப்பிலும் பதியவேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சட்டப்படியான ஒப்பந்தம் செய்யாததையே காரணம் காட்டிக் காலி செய்யக் கேட்கவும் அதில் வழி இருக்கிறது.

பதிவுக்கு முன் வில்லங்கச் சான்றையும் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள். கட்டடம் ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருந்தால், கடன் கட்டாதபோது வங்கி வந்து நிற்கும். அப்போது உங்கள் ஒன்பது வருடம் கேள்விக்குறி ஆகும். வங்கியின் சம்மதக் கடிதம் கேட்டு வாங்குவது இந்த இடத்தில் நியாயமான கோரிக்கை.

இனி வெளியேறும் வழி. ஆற்காடு சாலையை உதாரணத்துக்கு எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணியில், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் தடம் அந்தச் சாலை வழியாகத்தான் வருகிறது. சாலை நடுவே தடுப்பு வைத்து, போக்குவரத்தைத் திருப்பிவிட்டால், வண்டியை நிறுத்தி பன் வாங்குகிறவர் எப்படி வருவார்? பேக்கரி நடத்துகிறவர் மேலும் தப்பில்லை, உரிமையாளர் மேலும் தப்பில்லை. ஆனால் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

சட்டம் கைகொடுக்குமா என்றால், பெரும்பாலும் கொடுக்காது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108வது பிரிவில் ஒரு பாதுகாப்பு உண்டு. தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் இடத்தின் முக்கியமான பகுதி அழிந்தாலோ, நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ, குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமை வாடகைதாரருக்கு இருக்கிறது. தற்காலிகத் தடை அதில் வராது. கொரோனா ஊரடங்கின்போது டெல்லி கான் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர் வாடகையை நிறுத்திவைக்கக் கேட்டார். 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதை மறுத்தது. ராமானந்த் எதிர் கிரிஷ் சோனி என்ற அந்த வழக்கில் நீதிமன்றம் சொன்னதன் சாரம், ஒப்பந்தத்தில் அதற்கென்று ஷரத்து இருந்தால் அதன்படி நடக்கலாம். இல்லாதபோது, இடத்தை வைத்துக்கொண்டே வாடகை வேண்டாம் என்று பொதுவாகக் கேட்கமுடியாது என்பதுதான். கட்டுவதற்குச் சற்று அவகாசம் மட்டுமே கிடைத்தது.

அதனால் ஷரத்தை நாமே எழுதவேண்டும். நம் பேக்கரிக்கு இப்படிக் கேட்கலாம்: அரசுப் பணியாலோ அரசு உத்தரவாலோ கடையின் முகப்புக்கு வரும் வழி தொடர்ந்து 60 நாளுக்கு மேல் அடைபட்டால், அது திறக்கும்வரை பாதி வாடகை. ஆறு மாதத்தைத் தாண்டினால் லாக்-இன் பொருந்தாது, ஒரு மாத நோட்டீஸில் முழு அட்வான்ஸோடு வெளியேறலாம். இதோடு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும். கட்டட அனுமதியில் குறை இருந்து மாநகராட்சித் தொழில் உரிமம் கிடைக்காவிட்டாலோ, கட்டடம் சீல் வைக்கப்பட்டாலோ, கூடுதல் மின் இணைப்பு வராவிட்டாலோ அது உரிமையாளர் பக்கத்துக் குறை. அதற்காக வெளியேறுகிறவர் அபராதம் கட்டக்கூடாது. நான் படித்த எத்தனையோ ஒப்பந்தங்களில் “உரிமங்கள் பெறுவது வாடகைதாரர் பொறுப்பு” என்ற ஒரு வரிதான் இருக்கும். கட்டடத்தின் குறை யார் பொறுப்பு என்று இருக்காது.

நோட்டீஸ் காலத்தில் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. “லாக்-இன் முடிந்த பிறகு மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம்” என்று இருந்தால் 36 மாதக் கட்டு உண்மையில் 39 மாதம். “லாக்-இன் முடியும் நாளிலேயே நோட்டீஸும் முடியும்படி முன்கூட்டியே கொடுக்கலாம்” என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் மூன்று மாத வாடகை மிச்சம். அதேபோல, தொழிலை வேறொருவருக்கு விற்க நேர்ந்தால் மீதிக் காலத்துக்கு அவரை வாடகைதாரராக ஏற்க உரிமையாளர் காரணமின்றி மறுக்கக்கூடாது என்றும் கேளுங்கள். ஓடாத பேக்கரியை, ஓவனும் கவுண்டரும் இருக்கிற நிலையில், இன்னொரு பேக்கரிக்காரருக்கே கைமாற்றிவிடுவதுதான் நஷ்டத்தைக் குறைக்கும் நல்ல வழி. ஒப்பந்தம் அதை அடைத்துவிட்டால் ஓவன் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்.

இப்போது பேசித் திருத்திய ஒப்பந்தம் ஒன்றை வைத்து, அதே கேள்வியை மறுபடி கேட்போம். உயர்வு மூன்று வருடத்துக்கு 15 சதவீதம். வாடகைதாரருக்கு லாக்-இன் 18 மாதம், உரிமையாளருக்கு ஒன்பது வருடம். லாக்-இன்னுக்குள் போனால், மூன்று மாத வாடகை அல்லது புதிய வாடகைதாரர் வரும்வரையிலான வாடகை, இதில் எது குறைவோ அது. அது அட்வான்ஸிலிருந்து கழிக்கப்பட்டு மீதி திரும்பவேண்டும். பதினான்காவது மாதக் கடைசியில் மூடினால் அவர் இழப்பது அதிகபட்சம் 1,80,000 ரூபாய். 6 லட்சத்தில் 4,20,000 திரும்பி வரும். 20 லட்சம் எங்கே, ஒன்றே முக்கால் லட்சத்துக்குச் சற்று மேல் எங்கே! எல்லா உரிமையாளரும் இத்தனைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 18 மாதம் 24 ஆகலாம், மூன்று மாதம் ஐந்து ஆகலாம். ஆனாலும், வரைவை அப்படியே ஏற்ற இடத்திலிருந்து அது வெகு தூரம்.

கடைசியாக, திரும்பவேண்டிய அந்தப் பணம். அட்வான்ஸ்தான் வாடகைதாரருக்கும் உரிமையாளருக்கும் அதிகமாகச் சண்டை வரும் இடம். “காலி செய்த பின் கணக்குப் பார்த்துத் தரப்படும்” என்று மட்டும் இருந்தால் தேதியே இல்லை. சாவி கொடுக்கும் அன்றே, சாவியும் பணமும் ஒரே நேரத்தில் என்று எழுதவேண்டும். தாமதமானால் வட்டி எத்தனை சதவீதம் என்பதும் வேண்டும். உரிமையாளர் தயங்கினால், நோட்டீஸ் கால வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளும் உரிமையையாவது வாங்குங்கள். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது சென்னையில் வழக்கம். அதை ஒரு தொகையாக எழுதிவிட்டால் பிறகு சுவர், தரை, ஷட்டர் என்று பட்டியல் நீளாது. “பழைய நிலையிலேயே ஒப்படைக்கவேண்டும்” என்ற வரியோடு “இயல்பான தேய்மானம் நீங்கலாக” என்பதையும் சேர்த்து, கடையை வாங்கிய நாளில் எடுத்த படங்களை ஒப்பந்தத்தோடு இணைத்து இருவரும் கையெழுத்திடுவது நல்லது.

ஓவன், கவுண்டர், ஏசி, ஃபால்ஸ் சீலிங் எல்லாம் யாருடையது என்ற பட்டியலும் அங்கேயே இருக்கட்டும். 108வது பிரிவு, நீங்கள் பொருத்தியவற்றைக் கழற்றிக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. இடத்தை வாங்கியபோது இருந்த நிலையில் விட்டுப்போகவேண்டும். ஆனால் அந்த உரிமை இடம் உங்கள் வசம் இருக்கும்வரை மட்டுமே. சாவியைக் கொடுத்த பிறகு, ஓவனை நாளைக்கு வண்டி கொண்டுவந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தால், மறுநாள் ஷட்டரைத் திறக்கச் சொல்ல உங்களிடம் சட்டம் இருக்காது. அதனால் முதலில் பொருட்கள் வெளியே வரட்டும். பிறகு மின் மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு, அட்வான்ஸ் வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்து, இடம் ஒப்படைக்கப்பட்டது என்ற கடிதத்தில் உரிமையாளரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, சாவியைக் கொடுங்கள்.